கஜா இனி வராது, ஆனால் யாரும் நீக்கியதால் அல்ல

கேள்வி: நாங்கள் வேதாரண்யம் பக்கம். புயல் பெயரெல்லாம் சுழற்சிப் பட்டியலில் இருந்து வருகிறது என்கிறார்கள். அப்படியானால் கஜா மறுபடியும் வருமா? இல்லை, இவ்வளவு நாசம் செய்ததால் அந்தப் பெயரை எடுத்துவிட்டார்களா? அதை யார் முடிவு செய்வது?

வராது. ஆனால் கஜாவை யாரும் உட்கார்ந்து பேசி நீக்கவில்லை. நம் கடலில் எந்தப் பெயரும் இரண்டாம் முறை வருவதில்லை. ஊரையே புரட்டிப்போட்ட புயலின் பெயரும் சரி, நடுக்கடலிலேயே கரைந்துபோன புயலின் பெயரும் சரி, ஒருமுறை வைத்ததோடு அதன் கணக்கு முடிந்தது. சுழற்சிப் பட்டியல், நாசம் செய்த பெயரை விலக்குவது என்று நீங்கள் கேள்விப்பட்டது பொய்யில்லை. அது அட்லாண்டிக்கிலும் பசிபிக்கிலும் நடப்பது. தொலைக்காட்சியில் இரண்டையும் ஒரே மூச்சில் சொல்லிவிடுவதால் வரும் குழப்பம்தான் இது. முதலில் கஜாவுக்கு அந்தப் பெயர் எப்படி வந்தது என்று பார்த்துவிடுவோம், மீதி தானாக விளங்கும்.

வங்கக் கடலும் அரபிக் கடலும் சேர்ந்த வட இந்தியப் பெருங்கடலுக்குப் புயல் பெயர் வைக்கலாம் என்று இந்தப் பகுதி நாடுகள் 2000-ல் மஸ்கட்டில் கூடியபோதுதான் கொள்கையளவில் ஒத்துக்கொண்டன. பேசி முடித்து நடைமுறைக்கு வர 2004 செப்டம்பர் ஆனது. முதல் பெயர் ஒனில், வங்கதேசம் கொடுத்தது. அப்போது 8 நாடுகள், ஆளுக்கு 8 பெயர், மொத்தம் 64. நாடுகளை ஆங்கில அகரவரிசையில் மேலிருந்து கீழாக எழுதிக்கொள்ளுங்கள்: வங்கதேசம், இந்தியா, மாலத்தீவு, மியான்மர், ஓமன், பாகிஸ்தான், இலங்கை, தாய்லாந்து. ஒவ்வொரு நாட்டுக்கு நேராகவும் அது கொடுத்த 8 பெயர்கள் இடமிருந்து வலமாகப் போகும். புயல் வர வர முதல் பத்தியை மேலிருந்து கீழே படித்துக்கொண்டு வருவார்கள். தாய்லாந்தில் முடிந்ததும் அடுத்த பத்தியின் உச்சிக்குப் போய் மறுபடி வங்கதேசம்.

கடைமடைக்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதே இல்லை. முறை வைத்துத் தண்ணீர் விடுவது போலத்தான். யார் வயல் காய்கிறது என்று பார்த்து முறை மாறாது, வரிசை வந்தால் வந்ததுதான். புயல் எந்த நாட்டுக்குப் போகிறது என்று பார்த்தும் பெயர் வைப்பதில்லை. முறை யாருடையதோ அவர்களுடைய பெயர்.

ஏழாவது பத்தியை எடுத்துக்கொள்வோம். உச்சியில் வங்கதேசத்தின் ஒக்கி. 2017 நவம்பர் இறுதியில் கன்னியாகுமரி மீனவர்களைக் கடலோடு கொண்டுபோன அதே ஒக்கி. அடுத்த பெயர் இந்தியாவின் சாகர், அது 2018 மே மாதம் ஏடன் வளைகுடாவுக்குள் போனது. அதே மாதம் மாலத்தீவின் மேகுனு ஓமனின் சலாலாவைத் தாக்கியது. செப்டம்பரில் மியான்மரின் டாயே ஒடிசாவுக்கு. அக்டோபரில் ஓமனின் லூபான் அரபிக் கடலிலும் பாகிஸ்தானின் தித்லி வங்கக் கடலிலும் ஒரே நேரத்தில் சுற்றிக்கொண்டிருந்தன. அதற்குப் பிறகு இலங்கையின் முறை. அவர்கள் கொடுத்திருந்த பெயர் கஜா, யானை என்று பொருள். பட்டியலில் 55-வது பெயர். நவம்பர் 11-ஆம் தேதி வங்கக் கடலில் ஒரு ஆழ்ந்த காற்றழுத்தத் தாழ்வு மண்டலம் புயலாக வலுத்தது, யானை அதற்குப் போய்ச் சேர்ந்தது. 16-ஆம் தேதி நள்ளிரவு தாண்டி நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் நடுவே கரையேறியது. அதற்குப் பின் நடந்ததை உங்களுக்கு நான் சொல்லப் போவதில்லை. பட்டுக்கோட்டை, பேராவூரணி பக்கம் தென்னந்தோப்பு வைத்திருந்தவர்களிடம் இன்றைக்கும் எதையாவது விசாரித்தால் ‘கஜாவுக்கு முந்தி’, ‘கஜாவுக்கு அப்புறம்’ என்றுதான் பேச்சு ஆரம்பிக்கும்.

எங்கள் பக்கம் பலர் நினைப்பது போல, மரத்தையெல்லாம் பிடுங்கி எறிந்ததால் யானை என்று பெயர் வைக்கவில்லை. அந்தப் பெயர் பல ஆண்டுகளுக்கு முன்பே பட்டியலில் ஏறி, தன் முறைக்காகக் காத்திருந்தது. தித்லி கிளம்பாமல் இருந்திருந்தால் நம் புயலுக்குத் தித்லி என்ற பெயர் விழுந்திருக்கும். இந்தியில் பட்டாம்பூச்சி. லட்சத்துக்கும் மேற்பட்ட மின்கம்பங்களைச் சாய்த்த புயலைப் பட்டாம்பூச்சி என்று சொல்லிக்கொண்டு திரிந்திருப்போம்.

பெயர் எந்த நேரத்தில் விழும் என்பதற்கும் ஒரே அளவுகோல்தான்: காற்று. கடலில் ஒரு சுழற்சியின் நிலையான காற்று வேகம் மணிக்கு 62 கிலோமீட்டரைத் தொட்டால் அது புயல், பெயர் உண்டு. அதற்குக் கீழே இருந்தால் தாழ்வு மண்டலம், ஆழ்ந்த தாழ்வு மண்டலம் என்று வகையைச் சொல்லிக் கூப்பிடுவார்களே தவிர பெயர் கிடையாது. இங்கே சொல்லும் வேகம் சட்டென்று ஒரு வீச்சு வீசிவிட்டுப் போகிற காற்றின் வேகம் இல்லை. 3 நிமிடச் சராசரி. நடுக்கடலில் காற்றுமானி நட்டு வைக்க முடியாது என்பதால், பெரும்பாலும் செயற்கைக்கோள் படத்தில் மேகம் எவ்வளவு சுருண்டு இறுகியிருக்கிறது என்பதை வைத்துத்தான் வேகத்தைக் கணிக்கிறார்கள். அந்தப் பக்கம் கப்பலோ மிதவையோ இருந்தால் அதன் அளவையும் சேர்த்துக்கொள்வார்கள். இந்தக் கடல் முழுவதற்கும் இதைப் பார்த்துப் பெயரை அறிவிக்கும் பொறுப்பு புதுடெல்லியில் உள்ள இந்திய வானிலை ஆய்வுத் துறையின் மையத்திடம் இருக்கிறது. புயல் ஓமனுக்குப் போனாலும் மியான்மருக்குப் போனாலும் அறிவிப்பு அங்கிருந்துதான் வரும்.

இந்த அளவுகோலை மறந்தால் என்ன ஆகும் என்பதற்கு 2024 நவம்பர் கடைசியே போதும். வங்கக் கடலில் ஒரு ஆழ்ந்த தாழ்வு மண்டலம் இலங்கைக் கரையை ஒட்டி நகரமாட்டேன் என்று நின்றது. டெல்டாவில் மழை கொட்டியது. தொலைக்காட்சிக்காரர்கள் அதற்கு முன்பே பட்டியலைப் பார்த்துவிட்டு, அடுத்த பெயர் சவுதி அரேபியாவின் ஃபெங்கல் என்று அறிவிக்கத் தொடங்கிவிட்டார்கள். பெயர் முறைப்படி விழுந்ததோ 29-ஆம் தேதி பிற்பகலில். இடையில் அது புயலாகவே மாறாது என்றுகூட ஒரு கணிப்பு வந்து, மக்கள் தலையைச் சொறிந்தார்கள். ‘பெயர் வைத்த புயல் எப்படி இல்லாமல் போகும்?’ என்று டீக்கடையில் ஒருவர் என்னையே மடக்கினார். பெயர் வைக்கவே இல்லை, பிள்ளை பிறக்கும் முன்பே தொட்டிலில் பெயர் எழுதிவிட்டார்கள் என்று சொன்னேன். அன்று அது வலுக்காமலே போயிருந்தால் அந்தப் பெயர் செலவாகியிருக்காது, அடுத்த புயலுக்குப் போயிருக்கும்.

அது ஃபெங்கலா, ஃபெஞ்சலா என்பதும் அப்போது ஒரு தனிச் சண்டை. பெயரைக் கொடுக்கும் நாடு ஆங்கில எழுத்தில் எப்படி எழுதுவது என்பதோடு, எப்படி உச்சரிப்பது என்பதையும் பக்கத்தில் எழுதிக் கொடுக்கும். ஃபெங்கல் என்று படிக்கத் தோன்றும் அந்தச் சொல்லுக்குக் கொடுத்திருந்த உச்சரிப்பு ஃபெஞ்சல். 2023-ல் சென்னையை மூழ்கடித்ததும் அப்படித்தான். எழுத்தைப் பார்த்தால் மிச்சாங், மியான்மர் கொடுத்த உச்சரிப்போ மிக்ஜாம். நம் பத்திரிகைகள் முதல் நாள் ஒன்றும் மறுநாள் ஒன்றுமாக எழுதுவதற்கு இதுதான் காரணம்.

சரி, சுழற்சிக்கு வருவோம். நம் கடலில் ஏன் பெயர்கள் சுற்றி வருவதில்லை? காரணம் வெறும் எண்ணிக்கை. வங்கக் கடலிலும் அரபிக் கடலிலும் பெயர் வைக்கும் அளவுக்கு வலுக்கும் புயல்கள் ஆண்டுக்குச் சராசரியாக நான்கைந்துதான். 64 பெயர் கொண்ட முதல் பட்டியல் 2004-லிருந்து 2020 மே வரை வந்தது. அதன் கடைசிப் பெயர், தாய்லாந்து கொடுத்த அம்பன், மேற்கு வங்கத்தைத் தாக்கியது. அது மிச்சமிருந்தபோதே, 2020 ஏப்ரலில், அடுத்த பட்டியல் தயாராகிவிட்டது. இதற்குள் ஈரான், கத்தார், சவுதி அரேபியா, ஐக்கிய அரபு அமீரகம், ஏமன் ஆகியவையும் சேர்ந்திருந்தன. 13 நாடுகள், ஆளுக்கு 13 பெயர், மொத்தம் 169. இதே வேகத்தில் போனால் முப்பது ஆண்டுக்கு மேல் தாங்கும். அத்தனை காலத்துக்கு ஒருமுறை உட்கார்ந்து புதுப் பெயர் யோசிப்பது யாருக்கும் பெரிய வேலையில்லை. அதனால் விதியையே அப்படி எழுதிவிட்டார்கள்: ஒருமுறை பயன்படுத்திய பெயர் மறுபடி வராது. இங்கே பெயரை ‘விலக்குவது’ என்று ஒரு தீர்மானமே தேவைப்படாதது அதனால்தான். கஜா செய்த நாசத்துக்காக யாராவது மனுப் போட்டிருந்தாலும் விலக்க எதுவும் மிச்சம் இருந்திருக்காது.

அட்லாண்டிக்கில் கணக்கு வேறு. அங்கே ஆண்டுக்குச் சராசரியாகப் பதினான்கு பெயர் செலவாகும். முப்பது ஆண்டுக்கு என்றால் நானூறுக்கு மேல் வேண்டும், அதுவும் ஆங்கிலம், ஸ்பானியம், பிரெஞ்சு பேசுகிற எல்லோர் வாயிலும் நுழைகிற மாதிரி. அதனால் 6 பட்டியல் போட்டு, ஒரு பட்டியல் ஒரு ஆண்டுக்கு என்று வைத்திருக்கிறார்கள். ஒவ்வொன்றிலும் 21 பெயர்கள், அகரவரிசைப்படி, ஆண் பெயரும் பெண் பெயரும் மாறி மாறி. ஏழாவது ஆண்டில் முதல் பட்டியல் மறுபடி வரும். போன சுற்றில் வந்த அதே பெயர்கள்.

இப்படிச் சுற்றும் இடத்தில்தான் சிக்கல் பிறக்கிறது. ஒரு ஊரை அழித்த பெயர் ஆறு ஆண்டு கழித்துத் திரும்பி வந்து நின்றால்? அந்த ஆறில் ஒரு பட்டியலை எடுத்து, ஆங்கில ‘ஐ’ எழுத்துக்கான இடத்தை மட்டும் பின்தொடர்ந்து பாருங்கள். 2005-ல் அங்கே இருந்தது ஐரீன். அது நிலத்தைத் தொடாமல் கடலிலேயே போய்விட்டது, அதனால் பெயர் பட்டியலில் தங்கியது. 2011-ல் அதே ஐரீன் மறுபடி வந்தது, இம்முறை அமெரிக்காவின் கிழக்குக் கரையில் வடக்கு கரோலினாவில் தொடங்கி வெர்மாண்ட் வரை வெள்ளம். அதோடு ஐரீனை விலக்கி, அதே இடத்தில் இர்மா என்ற பெயரைப் போட்டார்கள். ஆறு ஆண்டு கழித்து 2017-ல் இர்மா வந்தது. பார்புடா தீவைக் கிட்டத்தட்ட தரைமட்டமாக்கிவிட்டு, கியூபா வழியாக ஃபுளோரிடாவுக்குப் போனது. முதல் சுற்றிலேயே இர்மாவும் போயிற்று. அந்த இடத்துக்கு இடாலியா. 2023-ல் இடாலியாவும் ஃபுளோரிடாவைத் தாக்கியது, ஆனால் அதை விலக்கச் சொல்லி முடிவாகவில்லை. எனவே 2029 பட்டியலில் இடாலியா இருக்கிறது. நியூ ஆர்லியன்ஸை மூழ்கடித்த 2005-ன் கத்ரீனாவும் இதே பட்டியல்காரிதான். அவள் இடத்தில் இப்போது காத்யா.

‘எவ்வளவு நாசம் ஆனால் விலக்குவார்கள்’ என்று ஓர் எண்ணை எதிர்பார்த்தீர்களானால், அட்லாண்டிக்கில் அப்படி ஒன்று இல்லை. உலக வானிலை அமைப்பின் கீழ் அந்த வட்டார நாடுகளின் குழு ஒன்று ஆண்டுக்கு ஒருமுறை, பெரும்பாலும் மார்ச் அல்லது ஏப்ரலில் கூடும். போன பருவத்தில் அடி வாங்கிய நாடு, இந்தப் பெயர் இனி வேண்டாம் என்று கேட்கும். மற்றவர்கள் ஒத்துக்கொண்டால் பெயர் போகும். அதே எழுத்தில் தொடங்கும், ஆண் என்றால் ஆண், பெண் என்றால் பெண் பெயராக ஒன்று அந்த இடத்தில் வரும். 2024 பருவத்துக்குப் பிறகு இப்படி விலக்கியவை பெரில், ஹெலீன், மில்டன் என்ற மூன்று. மேற்குப் பசிபிக்கில் இன்னொரு விதம். அங்கே 14 உறுப்பினர்கள், ஆளுக்கு 10 பெயர், 140 பெயர்கள் ஆண்டு எல்லையெல்லாம் பார்க்காமல் ஒன்றன்பின் ஒன்றாக ஓடிக்கொண்டே இருக்கும், முடிந்ததும் முதலிலிருந்து. ஆண்டுக்கு இருபத்தைந்து புயல் வரும் கடல் என்பதால் ஐந்தாறு ஆண்டில் ஒரு சுற்று முடிந்துவிடும். 2013-ல் பிலிப்பைன்ஸில் ஆறாயிரத்துக்கும் மேற்பட்டவர்களைக் கொன்ற ஹையான், சீனா கொடுத்த பெயர். அதை விலக்கியதும் மாற்றுப் பெயர் கொடுக்க வேண்டியது சீனாவின் வேலை. அடி வாங்கியது ஓர் ஊர், பெயர் வைத்தது வேறோர் ஊர் என்பது அங்கேயும் நம் கதைதான்.

பிலிப்பைன்ஸ் இதில் ஒரு தனிப் பிறவி. பன்னாட்டுப் பட்டியல் இருந்தாலும், தன் எல்லைக்குள் வரும் புயலுக்குத் தானே உள்ளூர்ப் பெயர் ஒன்று வைத்துக்கொள்ளும். ஹையான் அவர்களுக்கு யோலாண்டா. அந்த உள்ளூர்ப் பெயரை விலக்க மட்டும் அவர்கள் எண் வைத்திருக்கிறார்கள்: 300 பேர் இறந்திருக்க வேண்டும், அல்லது சேதம் 100 கோடி பெசோவாக இருக்க வேண்டும். சாவை எண்ணிப் பெயரை எடுப்பது கேட்க ஒரு மாதிரி இருந்தாலும், மேசையைச் சுற்றி உட்கார்ந்து பேசுவதைவிட இது நேர்மையான வழி என்று எனக்குத் தோன்றும்.

பெயரை எடுப்பது நாசத்துக்காக மட்டும் இல்லை, சொல்லுக்காகவும் நடக்கும். மேற்குப் பசிபிக் பட்டியலில் சோனாமு என்று ஒரு பெயர் இருந்தது, வட கொரியா கொடுத்தது. 2013-ல் வந்த அந்தப் புயல் பெரிதாக ஒன்றும் செய்யவில்லை. ஆனால் மலேசியாவில் அந்தப் பெயரைக் கேட்டவர்களுக்குச் சுனாமி என்று காதில் விழுந்தது. மலேசியா ஆட்சேபித்து, பெயர் போய்விட்டது. 2004 டிசம்பர் 26-க்குப் பிறகு அக்கரைப்பேட்டையிலோ கீச்சாங்குப்பத்திலோ ஒலிபெருக்கியில் ‘சோனாமு வருகிறது’ என்று சொன்னால் என்ன ஆகும் என்று நினைத்துப் பாருங்கள். மலேசியாக்காரர்கள் கேட்டது அற்பக் காரணம் என்று நாகை மாவட்டத்தில் ஒருவரும் சொல்லமாட்டார்கள்.

நம் பட்டியலிலேயே இப்படி ஒன்று நடந்தது. 2013 மே மாதம் வங்கக் கடலில் வந்த புயலுக்கு இலங்கையின் முறைப்படி விழுந்த பெயர் மகாசேன். மகாசேனன் இலங்கையின் பழைய அரசன், மின்னேரிக் குளத்தை வெட்டியவன். ஏரி வெட்டிப் பயிரை வாழவைத்த ராஜாவின் பெயரை அழிக்கும் புயலுக்கு வைப்பதா என்று இலங்கையிலேயே எதிர்ப்புக் கிளம்ப, புயல் கடலில் இருக்கும்போதே அந்தப் பெயரைத் திரும்பப் பெற்றார்கள். பின்னர் பதிவுகளில் அது வியாரு ஆனது. கல்லணை கட்டிய கரிகாலன் பெயரை ஒரு புயலுக்கு வைத்திருந்தால் தஞ்சாவூரில் என்ன நடந்திருக்கும் என்று யோசித்தால் அவர்கள் கோபம் புரியும். 2020 பட்டியல் தயாரித்தபோது எழுதப்பட்ட விதிகளைப் பார்த்தால் இந்த மாதிரி அனுபவங்களின் சாயல் தெரிகிறது. பெயர் அரசியல், மதம், பண்பாடு, ஆண் பெண் வேறுபாடு எதிலும் சாயக் கூடாது, யார் மனதையும் புண்படுத்தக் கூடாது, கொடூரமாக ஒலிக்கக் கூடாது, ஆங்கிலத்தில் எட்டெழுத்துக்கு மேல் போகக் கூடாது.

பெயர் திரும்ப வரக் கூடாது என்பதற்கு மனவலி மட்டும் காரணமில்லை, காகிதமும் ஒரு காரணம். 2020-ல் எனக்கே பட்டறிவு உண்டு. நவம்பர் 25 இரவு நிவர் புதுச்சேரிப் பக்கம் கரையேறியது. எங்கள் சித்தப்பாவின் நிலம் திருத்துறைப்பூண்டிக்குத் தெற்கே, அங்கே அதனால் பெரிய பாதிப்பில்லை. ஒரு வாரத்தில் புரெவி வந்தது. இலங்கையைக் கடந்து, மன்னார் வளைகுடாப் பக்கம் வந்து அப்படியே படுத்துக்கொண்டது. கொள்ளிடம், சிதம்பரம் பக்கம் ஒரே நாளில் 30 சென்டிமீட்டருக்கு மேல் மழை. சித்தப்பாவின் சம்பா மூழ்கியது அந்த மழையில்தான். ஆனால் நிவாரணத்துக்கு எழுதிக்கொடுத்த மனுவில், படிவத்தை நிரப்பியவர் புயலின் பெயர் என்ற இடத்தில் ‘நிவர்’ என்று போட்டுவிட்டார். எல்லோர் வாயிலும் அந்தப் பெயர்தானே இருந்தது. ‘அந்தத் தேதியில் உங்கள் வயலில் தண்ணீரே இல்லையே’ என்று மனு திரும்பி வந்தது. திருத்தி எழுத இரண்டு நடை. ஒரே வாரத்தில் வந்த இரண்டு புயலுக்கு இரண்டு பெயர் இருந்ததால்தான் எங்கே தவறு என்றாவது கண்டுபிடிக்க முடிந்தது. ஒரே பெயர் ஆறு ஆண்டுக்கொருமுறை திரும்பி வரும் ஊரில், காப்பீட்டுக்காரரிடமும் நீதிமன்றத்திலும் ‘எந்த ஐரீன்?’ என்ற கேள்வி வரும். பெரிய புயலின் பெயரை விலக்கிவிட்டால் அந்தப் பெயர் ஒரே ஒரு நிகழ்ச்சியோடு நின்றுவிடும்.

பெயரே இல்லாத காலத்தில் இதைவிட மோசம். நாகையில் பெரியவர்கள் ‘77 புயல்’ என்றால் நவம்பர் 12-ல் தங்கள் ஊரில் கரையேறியதைச் சொல்வார்கள். ஆந்திரத்தில் திவிசீமைக்காரரிடம் அதே ‘77 புயல்’ என்றால் அது ஒரு வாரம் கழித்து நவம்பர் 19-ல் வந்த வேறொன்று. இரண்டும் ஒரே கடல், ஒரே மாதம். 52 புயல், 64 தனுஷ்கோடிப் புயல் என்று ஆண்டையும் ஊரையும் வைத்தே நாம் அடையாளம் சொல்லிக்கொண்டிருந்தோம். அந்த ஆண்டில் அந்த ஊருக்கு ஒரே புயல் வந்தவரைக்கும் அது சரிதான்.

இந்த முறையின் குறை எது என்று கேட்டால், அது காற்றை மட்டும் பார்ப்பதுதான் என்பேன். டெல்டாவில் நெல்லை அழிப்பது பெரும்பாலும் தண்ணீர். புரெவி நம் பக்கம் மழையைக் கொட்டியபோது அது புயலாகவே இல்லை, வலுக்குறைந்து தாழ்வு மண்டலமாகிவிட்டது, பெயர் மட்டும் ஒட்டிக்கொண்டு வந்தது. 2015 டிசம்பரில் சென்னையை மூழ்கடித்த மழைக்குப் பெயரே கிடையாது. பெயர் இல்லை என்பதால் ‘புயல் இல்லையாம், வெறும் தாழ்வு மண்டலம்தானாம்’ என்று அலட்சியமாக இருந்து, அறுவடைக்கு நின்ற கதிரைத் தண்ணீரில் விட்டவர்களை நான் பார்த்திருக்கிறேன். அறிவிப்பு வரும்போது பெயர் இருக்கிறதா என்று தேடாமல், எத்தனை சென்டிமீட்டர் மழை, எந்த மாவட்டத்துக்கு என்று பாருங்கள்.

உங்கள் கேள்வியில் ஒரு மிச்சம் இருக்கிறது: கஜா இல்லை என்றால் அடுத்து என்ன? 2025 நவம்பரில் இலங்கையில் பேரழிவு செய்துவிட்டு நம் கரையை ஒட்டி மேலே போன டிட்வா, ஏமன் கொடுத்த பெயர். சொகோத்ரா தீவில் உள்ள ஒரு காயலின் பெயர் அது. 13 நாடுகளில் கடைசி ஏமன் என்பதால் அதோடு புதிய பட்டியலின் இரண்டாவது பத்தி முடிந்தது. மூன்றாவது பத்தியின் உச்சியில் வங்கதேசத்தின் அர்னாப். அதற்குக் கீழே இந்தியாவின் முறை, அங்கே எழுதியிருப்பது நம் சொல்: முரசு. இந்தியா கொடுத்த 13-ல் ‘நீர்’ என்று இன்னொன்றும் உண்டு, அது எட்டாவது பத்தியில். முரசு எந்தக் கரைக்குப் போகும் என்று இப்போது யாராலும் சொல்ல முடியாது. குஜராத்துக்கோ ஓமனுக்கோ போனால் அந்த ஊர்க்காரர்கள் அதை எப்படி உச்சரிப்பார்கள் என்று பார்க்க எனக்கு ஆவல்தான்.